ஒற்றைக் காலில் நிற்கும் படம்

யோகா வகுப்புச் சுவரொட்டிகளில் அடிக்கடி தென்படும் ஆசனம் விருட்சாசனம். ஒரு காலில் நின்று, மறு பாதத்தைத் தொடையின் உட்புறம் பதித்து, இரு கைகளையும் தலைக்கு மேல் குவிக்கும் நிலை அது. நெடுக்கான தாளில் அழகாகப் பொருந்தும். தொலைவில் இருந்து பார்த்தாலும் என்ன ஆசனம் என்று தெரிந்துவிடும். ஒற்றைக் காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியின் உருவம் 7ஆம் நூற்றாண்டு மாமல்லபுரப் பாறைச் சிற்பத்திலேயே இருப்பதால், தமிழ்நாட்டுக் கண்களுக்குப் பழகிய தோற்றமும்கூட. வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் காலைத் தூக்குகிறார்கள். அதனால் படத்தில் பாதம் இடம் மாறியிருந்தால், அந்தத் தவறு அவர்களுடைய மூட்டுக்குப் போய்ச் சேரும்.

அப்படி அதிகம் இடம் மாறுவது தூக்கிய பாதம்தான். முழங்கால் முன்பின்னாக மடங்கி நீள்வதற்கென்றே அமைந்த மூட்டு. பக்கவாட்டில் வரும் அழுத்தத்தைத் தாங்குவது அதன் இரு புறமும் உள்ள தசைநார்களின் வேலை. நின்ற காலின் முழங்கால் மீதே மறு பாதத்தை வைத்து அழுத்தினால், உடலின் முழு எடையையும் சுமந்து கொண்டிருக்கும் மூட்டு பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. எனவே பாதம் முழங்காலுக்கு மேலே தொடையில் இருக்க வேண்டும், அல்லது கீழே கெண்டைக்காலில் இருக்க வேண்டும். பி.கே.எஸ். அய்யங்காரின் ‘லைட் ஆன் யோகா’ (1966) குதிகாலைத் தொடையின் அடிவரை கொண்டுபோகச் சொல்கிறது. நீண்ட பயிற்சி உள்ளவருக்கு அது பொருந்தும். தொடக்க வகுப்புக்கான சுவரொட்டியில் கெண்டைக்காலில் பாதம் பதித்த நிலையே சரி. அதைப் பார்க்கிறவர் முதல் நாளே செய்துவிட முடியும்.

அடுத்து பார்க்க வேண்டியது எடை விழும் இடம். இரண்டு காலில் நிற்கும்போது உடலின் எடைமையம் இரு பாதங்களுக்கு நடுவே விழுகிறது. ஒரு காலைத் தூக்கியதும் அது நின்ற பாதத்தின் மேல் வந்தாக வேண்டும், இல்லையென்றால் மனிதர் விழுந்துவிடுவார். இதற்காக இடுப்பு நின்ற காலின் பக்கம் சிறிது நகர்கிறது. கையால் வரையும் ஓவியர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. நேராக நிற்கும் உருவத்தை முதலில் வரைந்துவிட்டு, அதில் ஒரு காலை மட்டும் மடக்கிவிடுகிறார்கள். அப்போது தொப்புளில் இருந்து இறங்கும் தூக்குநூல் பாதத்தைத் தொடாமல் வெற்றுத் தரையில் விழும். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், பார்ப்பவரின் கண்ணுக்கு அந்த உருவம் சாய்வது போலத் தோன்றும். அமைதி வர வேண்டிய படத்தில் பதற்றம் வந்துவிடும். படத்தின் மேல் ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தாலே இந்தப் பிழை அகப்படும்.

இடுப்பு நகரலாம்; ஆனால் ஒரு பக்கம் தொங்கக் கூடாது. இடுப்பின் முன்புறம் இரு பக்கமும் தொட்டால் தட்டுப்படும் எலும்பு முனைகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவற்றை அப்படி நிறுத்தி வைப்பது, நின்ற காலின் பக்கம் பிட்டத்தின் வெளிப்புறத்தில் உள்ள தசை. அது தளர்ந்தால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கும். அல்லது அதை ஈடுசெய்ய முதுகு மறுபக்கம் சாயும். இன்னொரு தொல்லை மடக்கிய முழங்காலால் வருகிறது. அது எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு அழகு என்று எண்ணி, மாதிரியாக நிற்பவரை நேர் பக்கவாட்டில் விரிக்கச் சொல்வார்கள். தொடை வெளிப்புறம் திரும்பும் அளவு இடுப்பு மூட்டுக் குழியின் அமைப்பைப் பொறுத்தது, ஆளுக்கு ஆள் மாறுவது. எல்லையைத் தாண்டி விரித்தால், முழங்காலோடு சேர்ந்து இடுப்பே திரும்பிவிடும். ஒரு பக்கத்து எலும்பு முனை காமிராவுக்கு அருகிலும் மற்றது விலகியும் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. முழங்காலைச் சற்று முன்னால் வரவிட்டால் இடுப்பு தானே நேராகும்.

கைகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மேலே நன்கு நீட்டிய கையில் முழங்கை ஏறத்தாழ உச்சந்தலை மட்டத்துக்கு வரும். நெற்றிக்குக் கீழே முழங்கை வந்தால் கை குட்டை என்று பொருள். கை உயரும்போது தோள்பட்டை எலும்பும் சுழன்று எழுவது இயல்பு. ஆகவே தோளை வலிந்து கீழே அழுத்தி வைத்த உருவம் இயற்கையாக இராது.

அமைதியைக் காட்ட முகத்தில் கண்களை மூடிவிடுவது வழக்கம். இந்த ஆசனத்துக்கு அது பொருந்தாது. ஒற்றைக் காலில் நிற்கும் உடல், தன்னை நிலைநிறுத்திக் கொள்ளப் பார்வையையும் நம்பியிருக்கிறது. கண்ணை மூடினால் தள்ளாட்டம் கூடும். திறந்த கண்கள் எதிரே ஒரே புள்ளியில் நிலைத்திருப்பதே பொருத்தமான தோற்றம். அமைதி வேறு இடங்களில் தெரியும்: இறுகாத தாடை, நரம்பு புடைக்காத கழுத்து, தரையைப் பற்றிக் கொள்ளாமல் விரிந்து படிந்த கால்விரல்கள். மாதிரியாக நிற்பவர் களைத்துப் போனால் முதலில் சுருள்வது கால்விரல்கள்தான். அப்போது படமெடுப்பதை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும்.

காலை ஒளியைப் பிடிப்பதற்குச் சென்னை போன்ற ஊரில் நேரம் குறைவு. சூரியன் இங்கே செங்குத்தாக ஏறுகிறது. எழுந்த நாற்பது நிமிடங்களில் ஏறக்குறைய 10 பாகை உயரத்துக்குப் போய்விடும். அந்த உயரத்தில் நிழல் ஆளின் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். 30 பாகையில் இரண்டு மடங்கைவிடக் குறைந்துவிடும். பொன்னிற ஒளியும் காலடியில் சுருங்கிய நிழலும் ஒரே படத்தில் இருந்தால், அந்த ஒளி பின்னால் பூசப்பட்டது என்பது தெரிந்துவிடும். கிழக்கு ஜன்னல் உள்ள கூடம் இதற்கு வசதியானது. ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டினால் நிழலின் ஓரங்கள் மென்மையாகும். ஆளை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது. ஒளி முன்பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். பின்னொளியில் உருவம் கருநிழலாகிவிட, பாதம் பதிந்த இடமும் இடுப்பின் மட்டமும் மறைந்துபோகும். பார்க்க அழகாக இருந்தாலும், கற்றுக்கொள்ள அந்தப் படத்தில் ஒன்றும் இருக்காது.

காமிராவின் உயரமும் உடலின் அளவை மாற்றும். தரையில் இருந்து எடுத்தால் கால் நீண்டு தலை சிறுக்கும். லென்ஸ் தொப்புள் மட்டத்தில் இருப்பது நல்லது. கையை உயர்த்தி நிற்பவர் ஏறக்குறைய 2.2 மீட்டர். மேலும் கீழும் சிறிது இடம் விட்டு எடுக்க, ஃபுல் ஃபிரேம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சிறிய அறை என்று அகலக்கோண லென்ஸை மாட்டி நெருங்கினால், ஓரங்களுக்கு வரும் கையும் பாதமும் இழுபட்டு நீளும். உடற்கூறு சரியாக இருந்தும் படம் பிழையாகும்.

அச்சுக்கு ஏ2 தாள் போதும். 300 டிபிஐ தரத்தில் அதற்கு 4961 × 7016 பிக்சல்கள் வேண்டும். பளபளப்பில்லாத மேட் தாளில் ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காது. அச்சுக்கு அனுப்பும் முன் மாதிரிப் படி ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஆசனம் அறியாத ஒருவரை அதைப் பார்த்து மட்டுமே நிற்கச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். அவருடைய பாதம் முழங்கால் மீது போனாலோ, இடுப்பு திரும்பினாலோ, திருத்த வேண்டியது படத்தைத்தான்.