நாக்கு போன போக்கு – 17: அங்கிளுக்கு ‘ள’, பாட்டிலுக்கு ‘ல’

சென்ற வாரம் ஆங்கில ‘எல்’ ஒன்றல்ல, இரண்டு என்று நிறுத்தியிருந்தேன். ‘லீஃப்’ என்பதில் வருவது தெளிந்த எல், ‘ஃபீல்’ என்பதில் வருவது இருண்ட எல். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் முழுக்க ‘ஆர்’ என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

காரணம், மாட்டுத்தாவணியில் ஒரு டீக்கடை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “அங்கிள் சைக்கிள்ல வர்றாரு, வாட்டர் பாட்டில குடுத்து விட்டுட்டேன்.” அவர் வாயில் அங்கிளும் சைக்கிளும் ‘ள’, பாட்டில் மட்டும் ‘ல’. ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே எழுத்துக் கூட்டலில் முடிகின்றன, மூன்றிலும் இருப்பது இருண்ட எல்தான். பிறகு நமக்கு யார் பிரித்துக் கொடுத்தது?

பஸ்ஸைத் தவறவிட்டு, டீக்கடைச் சீட்டின் பின்பக்கம் பட்டியல் போட்டேன். ஆப்பிள், டேபிள், டபுள், கேபிள், சிம்பிள், சாம்பிள், அங்கிள், சைக்கிள், சிங்கிள், சர்க்கிள் எல்லாம் ‘ள’. பாட்டில், டைட்டில், செட்டில், ஷட்டில், மிடில் கிளாஸ், நூடுல்ஸ் எல்லாம் ‘ல’. எல்லுக்கு முன்னால் ப, க இனத்து ஒலி இருந்தால் ‘ள’. ட இனத்து ஒலி இருந்தால் ‘ல’. எந்த இலக்கண ஆசிரியரும் இதை நமக்குச் சொல்லித்தரவில்லை. 1998இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்கூட தமிழுக்குள் வரும்போது வழி கேட்காமல் ‘கூகுள்’ என்றே வந்து உட்கார்ந்தது.

என் ஊகம் இது. ‘பாட்டில்’ என்று வெள்ளைக்காரர் சொல்லும்போது ட-வுக்காக மேல் ஈறில் ஒட்டிய நாக்கு நுனி எல் முடியும்வரை அங்கிருந்து எழுவதே இல்லை. இரு ஓரங்கள் மட்டும் இறங்கிக் காற்றை விடுகின்றன. நுனி முன்னாலேயே நிற்பதால் நம் காது அதை ‘ல’ என்று எடுத்துக்கொள்கிறது. ‘ஆப்பிள்’ என்பதில் நுனிக்கு முந்தைய ஒலியில் வேலை இல்லை. அங்கே காதில் விழுவது நாக்கின் பின்பகுதி மேலே எழும்பிக் கொடுக்கும் அந்தக் கனத்த, இருண்ட நிறம். தமிழில் நமக்கு அதற்குப் பக்கத்தில் கிடைக்கும் கனத்த எல் ‘ள’ ஒன்றுதான். இருட்டைக் கேட்டிருக்கிறோம், பெயர் மட்டும் மாற்றி வைத்துவிட்டோம்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. லோக்கல், மெடிக்கல் போன்றவற்றில் ‘அல்’ என்ற எழுத்துக் கூட்டலைப் பார்த்துப் படித்துவிட்டோம். பில், மில், ஸ்கூல் ஆகியவற்றில் முன்னால் முழு உயிர் நிற்பதால் அவையும் ‘ல’. ஊரில் அவை ‘பில்லு’, ‘மில்லு’. இதில் ஒரு வேடிக்கை: இருண்ட எல்லும் பின்னால் உயிர் வந்தால் தெளிந்துவிடும் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சட்டம். நாம் கடைசியில் ஒரு ‘உ’ சேர்ப்பதால், அவர்கள் சட்டப்படியே ‘மில்லு’வில் எல் தெளிந்துதான் ஆக வேண்டும். மதுரைக்காரர் சட்டப்படி நடந்துகொண்டிருக்கிறார்.

சரி, இருண்ட எல்லை வாயில் கொண்டுவருவது எப்படி? ‘ஃபீல்’ என்று சொல்ல வேண்டும் என்றால் பலர் ‘ஃபீள்’ என்கிறார்கள். நுனியை மடித்துவிட்டார்கள், அதுதான் பிசகு. நுனி ‘ல’ இடத்திலேயே, மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கட்டும். பின்நாக்கு மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் எழும்பட்டும். எல்லுக்கு முன்னால் மெல்லிய ‘உ’ ஒன்று தானாகக் கசிந்தால், ‘ஃபீஉல்’ என்பதுபோல், சரியாக வந்துவிட்டது என்று பொருள். சந்தேகமானால் நாக்கை அதே இடத்தில் நிறுத்தி, மூச்சை உள்ளே இழுங்கள். நாக்கின் இரு ஓரமும் சில்லென்றால் அது எல். நுனி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் அப்போதே தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. இது வராவிட்டால் யாரும் உங்களைத் தப்பாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அயர்லாந்துக்காரர்கள் பரம்பரையாக எல்லா இடத்திலும் தெளிந்த எல்லே பேசி வந்தவர்கள். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூலில், பல நாட்டார் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எவை அவசியம் என்று பிரித்துக் காட்டினார். இருண்ட எல்லை அவர் தேவையற்றவற்றின் பக்கம் தள்ளிவிட்டார்.

அதே அம்மையார் ‘ஆர்’ விஷயத்தில் அப்படி விடவில்லை. எழுத்தில் ஆர் இருக்கும் இடமெல்லாம் அதை ஒலிக்கலாம், அதுவும் அமெரிக்கப் பாங்கில் நாக்கு வளைந்த ஆர் நல்லது என்றார். நாக்கு வளைந்து, எதையும் தொடாமல் நிற்கும் ஆர். அது ஏறக்குறைய நம் ‘ழ’!

இங்கேதான் மதுரைக்குச் சிக்கல். எங்கள் தெருத் தம்பி ஒருவன் இன்டர்வியூவுக்குத் தயாராகிறான். அவனுடைய ‘ரெட்’ நாக்கு நுனி ஒருமுறை தட்டிவிட்டு ஓடும் நம் ‘ர’. ஆங்கில ஆர் தட்டாது, இழுத்துப் பிடித்தாலும் நிற்கும். “வாழை என்று சொல்லு, ழ-வில் நின்றுகொள், அங்கிருந்தே ‘எட்’ என்று இறங்கு” என்றேன். இந்தப் பாடம் பல ஊர்களில் பலிக்கும். அவன் நின்றான், இறங்கினான். வந்தது ‘ளெட்’. ஆங்கிலக் காதுக்கு அது சிவப்பே இல்லை, ஈயம்.

“அண்ணே, நான் வாளைன்னுதான சொன்னேன்?” என்றான்.

அதேதான். மதுரைப் பக்கத்தின் பேச்சில் ‘ழ’ பெரும்பாலும் ‘ள’வாகிவிடும். ‘ள’ அண்ணத்தைத் தொடும். தொட்டதும் ஆர் செத்துவிடும். 1834 முதல் அமெரிக்க மிஷன்காரர்கள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள், அமெரிக்கன் கல்லூரிக்கு 1881இலிருந்து கதை உண்டு. ழ-வுக்குப் பக்கத்து ஒலியை வாயிலேயே வைத்திருந்தவர்கள், ழ-வைத் தொலைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு வந்து தமிழ் கற்றிருக்கிறார்கள். பக்கத்துச் சோழவந்தான் ரயில் பலகையில் ஆங்கிலத்தில் எல்லோடு நிற்கிறது. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் ‘கோரமண்டல்’ ஆனதாகப் பரவலாகச் சொல்வார்கள். அங்கே அதே ழ ஆராகக் கேட்டிருக்கிறது.

தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் கட்டிவைத்தார்: நாக்கு நுனி நிமிர்ந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று. லகரத்துக்கும் ளகரத்துக்கும் அடுத்த நூற்பா: அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள. ழகரத்துக்கு அவர் சொன்ன அந்த ‘வருட’ என்ற சொல்லைத்தான் தம்பிக்குக் கொடுத்தேன். வருடு, ஆனால் தொடாதே. விரலை ஈரத் துணிமேல் மயிரிழை தூரத்தில் ஓட்டுவதுபோல. உதட்டைக் கொஞ்சம் குவி. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தான். ஓரங்களில் அல்ல, நடுவில் சில்லென்றது என்றான். ஆர் வந்துவிட்டது.

ஐந்து நிமிடம் கழித்து ‘கேர்ள்’ என்று சொல்லச் சொன்னேன். ஆரும் இருண்ட எல்லும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. நாக்கு ‘கேளு’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. ‘வேர்ல்டு’ அதைவிட மோசம். அதை அடுத்த வாரம் பார்ப்போம். ‘வாட்டர்’ என்பதன் நடுவில் அமெரிக்கர் நம் ‘ர’வைக் களவாக வைத்திருப்பதையும் இந்த வாரமே சொல்வதாக இருந்தேன். பக்கம் முடிந்துவிட்டது, ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

(தொடரும்)