பாலிடெக்னிக்கா, பிளஸ் டூவா?

பத்தாம் வகுப்பு முடித்தவர் பிளஸ் டூ வழியாகப் பி.இ. போனால் 2+4, ஆறு ஆண்டுகள். மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தாலும் 3+3, அதே ஆறுதான்.

வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவையென்றால் டிப்ளமோவையே சொல்வேன். மூன்றாண்டில் வேலைக்குப் போகலாம். லேத்தில் கை பழகியிருக்கும்.

ஆனால் கணக்கில் கவனம் வேண்டும். நேரடியாகச் சேருபவருக்கு பி.இ. முதலாண்டுக் கணிதம் கிடையாது. அடுத்து வரும் ஃபூரியர் தொடரில் முதல் கணக்கே x sin nx-ஐத் தொகையிடச் சொல்லும். டிப்ளமோ கடைசி விடுமுறையில் x sin x-ஐப் புத்தகம் பார்க்காமல் தொகையிட்டுப் பாருங்கள். −x cos x + sin x + C வராவிட்டால், கல்லூரி திறக்குமுன் பகுதித் தொகையிடலைப் படித்துவிடுங்கள்.