எரிமலை வரைபடம்: மரபணுப் புள்ளிகளைப் படிக்கும் முறை

ஒரு மருந்து பட்டதும் செல்லுக்குள் எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன, எவை அடங்குகின்றன என்பதை ஒரே படத்தில் காட்டுவது எரிமலை வரைபடம். இதில் ஒவ்வொரு மரபணுவும் ஒரு புள்ளி. மாற்றமில்லாத ஆயிரக்கணக்கான புள்ளிகள் நடுவில் அடியில் குவிந்திருக்கும். மாறியவை இடப்பக்கமும் வலப்பக்கமும் மேல்நோக்கித் தெறித்திருக்கும். பெயருக்குக் காரணம் இந்த வடிவம்தான்.

ஆஸ்துமாவுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் பற்றி 2014இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு பேரிடமிருந்து பெற்ற மூச்சுக்குழாய்த் தசைச் செல்களில் ஒரு பகுதிக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுக்கப்பட்டது. மறு பகுதிக்குக் கொடுக்கப்படவில்லை. 18 மணி நேரம் கழித்து இரு பகுதிகளிலும் உள்ள ஆர்.என்.ஏ. அளக்கப்பட்டது. ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவுக்கு அந்த மரபணு இயங்குகிறது என்று கொள்ளப்படுகிறது.

கிடைமட்ட அச்சு, மாற்றம் எத்தனை மடங்கு என்பதைச் சொல்கிறது. மருந்து பட்ட செல்லில் உள்ள அளவை மருந்து படாத செல்லில் உள்ள அளவால் வகுத்து, ஈவுக்கு இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுக்கப்படுகிறது. இரு மடங்கானால் 1, நான்கு மடங்கானால் 2, பாதியாகக் குறைந்தால் -1, மாற்றமில்லை என்றால் 0. இதனால் கூடியதும் குறைந்ததும் பூச்சியத்திலிருந்து சம தூரத்தில் அமைகின்றன. வகுக்கும்போது மேலும் கீழும் இடம் மாறிவிட்டால் படமே இடவலமாகப் புரண்டுவிடும். இந்த மருந்தால் கூடும் என்று முன்பே தெரிந்த DUSP1, KLF15 போன்ற மரபணுக்கள் வலப்பக்கம் இருக்கின்றனவா என்று பார்த்தால் அந்தப் பிழை பிடிபடும்.

செங்குத்து அச்சு, அந்த மாற்றத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கானது. மருந்துக்கு எந்த விளைவும் இல்லாதபோதும் தற்செயலாகவே இத்தகைய வேறுபாடு தோன்றுவதற்கான நிகழ்தகவுதான் பி மதிப்பு. அது மிகச் சிறிய எண் என்பதால் −log₁₀(p) என்று மாற்றிக் குறிக்கப்படுகிறது. 0.05 என்பது 1.3 உயரத்திலும், பத்து லட்சத்தில் ஒன்று என்பது 6 உயரத்திலும் வரும். மேலே போகப்போகச் சான்று வலுக்கிறது.

இரண்டு அச்சுகளும் ஏன் தேவை? ஒரு மரபணுவின் எண்ணிக்கை சராசரியாக 500இலிருந்து 2,000 ஆகிறது. இன்னொன்றில் 1இலிருந்து 4 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நான்கு மடங்குதான். இரண்டும் கிடைமட்ட அச்சில் 2 என்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் முதலாவது நான்கு பேரிடமும் ஒரே மாதிரி கூடியிருந்தால் உயரத்தில் இருக்கும். இரண்டாவதில் ஓரிரு மூலக்கூறுகள் கூடிக் குறைந்தாலே கணக்கு மாறிவிடும் என்பதால் அது அடியிலேயே கிடக்கும். வெகு தூரம் விலகியும் உயரம் இல்லாத புள்ளிகள் பெரும்பாலும் இவ்வகைதான். மறுபுறம், நடுக்கோட்டை ஒட்டியே உயரத்தில் நிற்பவை மாற்றம் உறுதியானது, ஆனால் சிறியது என்று காட்டுகின்றன.

ஆகவே படத்தில் எல்லைக்கோடுகள் போடுவார்கள். வழக்கமாக -1, 1 என இரண்டு செங்குத்துக் கோடுகளும், குறுக்கே ஒரு கோடும் இருக்கும். மேல் இரு மூலைகளில் விழும் புள்ளிகள் மட்டும் வண்ணம் பெறுகின்றன. இரு மடங்கு என்ற எல்லை வசதிக்காக வைத்துக்கொண்டது. உயிரியல் விதி அல்ல. ஒரு கட்டுப்பாட்டு மரபணு ஒன்றரை மடங்கு கூடினாலே செல்லின் போக்கு மாறக்கூடும்.

குறுக்குக் கோட்டில்தான் அதிகம் ஏமாற வாய்ப்பு. 20,000 மரபணுக்களைச் சோதித்து 0.05ஐ எல்லையாக வைத்தால், மருந்து எதையுமே செய்யாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் பி மதிப்புகளைத் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். பெஞ்சமினி, ஹாக்பர்க் ஆகியோர் 1995இல் தந்த முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி 5 சதவீத எல்லை என்றால், தேர்வான பட்டியலில் சராசரியாக 5 சதவீதத்துக்கு மேல் பொய்யானவை இருக்காது என்று பொருள். மேற்சொன்ன ஆய்வில் 316 மரபணுக்கள் தேர்வாயின. அவற்றில் பதினைந்து பதினாறு தவறாக இருக்கலாம். எனவே படத்தைப் பார்க்கும்போது, செங்குத்து அச்சில் இருப்பது திருத்திய மதிப்பா, திருத்தாததா என்பதை முதலில் படிக்க வேண்டும்.

மேல் மூலையில் நிற்கும் புள்ளி, மேற்கொண்டு சோதிக்கத் தகுந்தது என்ற அளவில்தான் சான்று. அந்த ஆய்வில் அதிகம் அறியப்படாத CRISPLD2 மரபணுவும் பட்டியலில் இருந்தது. அதன் ஆர்.என்.ஏ.வும் புரதமும் மருந்தால் கூடுவதைத் தனிச் சோதனைகளில் உறுதிசெய்த பிறகே ஆய்வாளர்கள் அதன் பணியைப் பற்றிப் பேசினார்கள்.