நகலின் முதுகில் எழுதிய தேதிகள்

பாதை வழக்கு ஒன்று மாவட்ட முன்சீப் கோர்ட்டில் நடந்து, 2025 மார்ச் 3ஆம் தேதி தீர்ப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். தோற்றவருக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். வெளியே வந்ததும் அவருடைய மருமகன் போனில் இ-கோர்ட் தளத்தைத் திறந்து, வழக்கின் சி.என்.ஆர். எண்ணைத் தட்டித் தீர்ப்பை இறக்கிவிடுகிறார். பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்தாயிற்று. “தீர்ப்பு கையில வந்துடுச்சு மாமா, இனி அப்பீலுக்குப் போகலாம்” என்கிறார்.

வாசித்துத் தெரிந்துகொள்ள அந்தப் பிரிண்ட் போதும். மேல்முறையீட்டோடு தாக்கல் செய்ய அது உதவாது. நீதிபதியே வெப் காப்பியை வைத்து நடவடிக்கை எடுக்கலாம் என்று உத்தரவிடும் அவசர நேரங்களைத் தவிர, கோர்ட்டும் பதிவு அலுவலகமும் தாலுகா ஆபீஸும் கேட்பது சான்றிட்ட நகலைத்தான்.

ஜெராக்ஸிலும் அதே எழுத்துதானே இருக்கிறது என்று கேட்கலாம். எழுத்து அதேதான். ஆனால் அந்த எழுத்துக்கு யார் பொறுப்பு? ஜெராக்ஸில் நடுவே ஒரு பக்கம் விடுபட்டாலும், ஒரு வரி திருத்தப்பட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆளில்லை. சான்றிட்ட நகலில், மூல ஆவணத்தைக் காவலில் வைத்திருக்கும் அலுவலகமே ஒப்பிட்டுப் பார்த்து, ‘உண்மை நகல்’ என்று அடியில் எழுதி, தேதி போட்டு, அதிகாரி பெயரும் பதவியும் குறித்துக் கையெழுத்திட்டு, கோர்ட் முத்திரை குத்துகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 75ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 76ஆவது பிரிவாக இருந்தது. இப்படி வந்த நகல் சரியானது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். மூலத்தைக் கொண்டு வா என்று கேட்காது. நோட்டரியோ பச்சை மை அதிகாரியோ அட்டஸ்ட் செய்த ஜெராக்ஸுக்கு இந்தத் தகுதி கிடையாது. மூலம் அவர்கள் காவலில் இல்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வழக்கில் யாரோ ஒரு கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸைத் தாக்கல் செய்திருந்தால், அதற்கும் சான்றிட்ட நகல் வாங்கலாம். கோர்ட் கட்டில் இருப்பது இதுதான் என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை சாட்சி. கிரயம் உண்மை என்று அது சொல்லவில்லை. முத்திரையைக் காட்டி நிலம் விற்க வருபவர்களிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு நகல் மனு என்று பெயர். கோர்ட்டின் பெயர், வழக்கு எண்ணும் ஆண்டும், இரு தரப்பார் பெயர்கள், உத்தரவின் தேதி, எத்தனை நகல் வேண்டும் என்பதை எழுதி, கோர்ட் கட்டண வில்லை ஒட்டிக் கொடுக்க வேண்டும். கட்சிக்காரரே கொடுக்கலாம், வக்கீல் மூலமாகவும் கொடுக்கலாம். சிவில் வழக்கில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தீர்ப்புரை வேறு, தீர்ப்பாணை வேறு. நீதிபதி காரணங்களோடு எழுதுவது முதலாவது. யாருக்கு என்ன கிடைத்தது, செலவுத்தொகை எவ்வளவு என்று முடிவை மட்டும் வடித்தெடுப்பது இரண்டாவது. ‘தீர்ப்பு நகல்’ என்று மொட்டையாக எழுதினால் ஒன்று மட்டும் வந்து நிற்கும். இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கட்டணம் இரண்டு தவணையாகப் போகிறது. மனுவில் ஒட்டும் வில்லை முதலாவது. நகல் எத்தனை பக்கம் வரும் என்று நகல் பிரிவு கணக்கிட்ட பிறகு, பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டுவது இரண்டாவது. வீதம் கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும். பணமாகக் கட்டுவதா, முத்திரைத்தாளாகக் கொடுப்பதா என்பதும் மாறும். தொகை பெரிதல்ல. சிக்கல் எங்கே என்றால், எந்த மனுவுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்; வீடு தேடி வராது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். மனுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் உட்கார்ந்தவர்கள் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

நகலின் கடைசிப் பக்கத்திலோ பின்புறத்திலோ சில தேதிகள் இருக்கும். மனுக் கொடுத்தது, கட்டணம் கேட்டது, கட்டியது, நகல் தயாரானது, வழங்கியது. அலுவலகக் கிறுக்கல் என்று புரட்டிவிட்டுப் போகிறோம். மேல்முறையீட்டின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்கிறது.

நம் பாதை வழக்குக்கே வருவோம். தீர்ப்பு நாளை விட்டுவிட்டு மார்ச் 4 முதல் எண்ணினால் 30 நாள் ஏப்ரல் 2ஆம் தேதியோடு முடிகிறது. மாமா மார்ச் 10 அன்று நகல் மனுக் கொடுக்கிறார். 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை கட்டணம் கேட்கிறார்கள். திங்கட்கிழமை 17 அன்று கட்டுகிறார். 24ஆம் தேதி நகல் தயார். 10 முதல் 24 வரை 15 நாள். கடைசி நாள் ஏப்ரல் 17க்கு நகர்கிறது. அவர் ஏப்ரல் 4ஆம் தேதிதான் போய் நகலை வாங்குகிறார் என்றால், 24க்குப் பிந்திய அந்த நாட்கள் கழிக்கப்படாது. அது கோர்ட் எடுத்துக்கொண்ட நேரமல்ல, அவர் விட்ட நேரம். கட்டணம் கட்டுவதில் காட்டும் சுணக்கமும் அவர் தலையில்தான் விடியும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. தீர்ப்பாணை எழுதி முடிக்க அலுவலகத்துக்குச் சில நாள் ஆகும். “எழுதட்டும், பிறகு மனுப் போடலாம்” என்று காத்திருந்தால், நகல் மனுவுக்கு முன்னால் ஓடிய அந்த நாட்களுக்குக் கழிவு கிடையாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. தீர்ப்புச் சொன்ன அன்றோ மறுநாளோ மனுவைப் போட்டுவிடுவதே புத்தி. கெடு தாண்டிவிட்டால், ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு மனுப் போட வேண்டியிருக்கும். அதை ஏற்பது நீதிபதியின் விருப்பம்.

வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவர் நகல் கேட்டால், தமக்கு அது ஏன் தேவை என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்துக் கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். நிலம் வாங்கப் போகிறவர், அதன் மேல் நடந்த பழைய வழக்கின் தீர்ப்பைக் கேட்பது இந்த வகை. தகவல் உரிமைச் சட்டத்தில் குறைந்த செலவில் வாங்கிவிடலாமே என்று சிலர் முயன்றார்கள். கோர்ட் விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிரிமினல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவர் மனுவும் போட வேண்டாம், காசும் கட்ட வேண்டாம். தீர்ப்புச் சொன்ன உடனே அவர் கையில் இலவசமாக நகல் கொடுத்தாக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 404ஆவது பிரிவு. கொடுக்காவிட்டால், சிறைக்கு அழைத்துப் போவதற்கு முன்பே வக்கீல் அங்கேயே நின்று கேட்டு வாங்க வேண்டும்.