காலைக் கூட்டத்துக்கு ஒரு பல்சமய வேண்டுதல் தொகுப்பு

பல சமயப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் காலைக் கூட்டத்துக்கென வேண்டுதல்களைத் தொகுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதை யார் சொல்லப்போகிறார்கள் என்பது. மாணவர் எல்லோரும் சேர்ந்து சொல்வது ஒரு முறை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் நின்று கேட்பது இன்னொரு முறை. முதல் முறைக்குப் பொருத்தமான வேண்டுதல்கள் மிகக் குறைவு. எல்லோர் வாயிலும் பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொரு சமயத்துக்கும் உரிய பெயர்களை நீக்க வேண்டும். நீக்கிய பிறகு மிஞ்சுவதை எந்தச் சமயத்தாரும் தம்முடையது என்று ஏற்கமாட்டார்கள். இரண்டாம் முறையில் அந்த வெட்டுக்குத்து தேவையில்லை; முஸ்லிம் மாணவி வாசிப்பது முஸ்லிம்களின் வேண்டுதல், மற்றவர்கள் கேட்கிறார்கள். தொகுப்புக்கு ஏற்றது இதுதான்.

சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கமே சாய்கிறது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில், அங்கே நடக்கும் வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மாணவர் சிறுவயதினராக இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். வாய் திறக்காமல் நிற்பது அவமதிப்பா என்ற கேள்வி வேறொரு வழக்கில் வந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண்ணுக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நாட்டுப்பண்ணுக்கே அப்படியென்றால், வேண்டுதலைச் சொல்லாமல் நிற்கும் பிள்ளையை ஆசிரியர் முறைத்துப் பார்க்க இடமில்லை.

அடுத்தது தேர்வு. காலையில் சொல்லப்படுவதெல்லாம் ஒரே வகை அல்ல. ஒன்றைக் கேட்பது வேண்டுதல், புகழ்வது போற்றி, ‘நான் இதை நம்புகிறேன்’ என்று அறிவிப்பது நம்பிக்கை அறிக்கை. மூன்றாம் வகையைத் தொகுப்பில் சேர்க்காமல் விடுவது நல்லது. இஸ்லாத்தின் கலிமாவும் கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணமும் இந்த வகை என்பது யாருக்கும் எளிதில் தெரியும். தொகுப்பாளர்கள் இடறுவது பெரும்பாலும் பௌத்தத்தில்தான். திரிசரணம் சுருக்கமானது, இனிமையாக ஓதலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகிறார்கள். புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் அடைக்கலமாக ஏற்கும் சொற்கள் அவை. ஒருவர் பௌத்தராகும் சடங்கே அதுதான். 1956இல் நாகபுரியில் அம்பேத்கரும் அவரோடு திரண்ட பெருங்கூட்டமும் அதைச் சொல்லித்தான் பௌத்தம் தழுவினார்கள். காலைக் கூட்டத்துக்கு மெத்த சுத்தத்திலிருந்து, எல்லா உயிர்களும் நலமாயிருக்க நினைக்கும் பகுதியை எடுப்பதே பொருத்தம். சமணரின் பஞ்ச நமஸ்காரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் எந்தத் தீர்த்தங்கரரின் பெயரும் வராது, எதையும் கேட்பதும் கிடையாது. ஐந்து வகை மேலோருக்கு வணக்கம் மட்டுமே.

பகுதி எடுக்கும்போது எங்கே நிறுத்துவது என்பது தனிப் பாடு. விவிலியத்தின் 139ஆம் சங்கீதம் காலை வாசிப்புக்கு அருமையானது. ஆனால் முடிவை நெருங்கும் இடத்தில் பகைவர் மீது சீற்றம் கொட்டுகிறது. முன்பகுதியோடு நிறுத்திக்கொண்டு, ‘ஒரு பகுதி’ என்று தலைப்பிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். வெட்டியதைச் சொல்லாமல் விட்டால், மூலத்தை அறிந்த பெற்றோர் ஒருவர் கண்டுபிடிக்கும் நாளில் முழுத் தொகுப்பின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

ஒரே சமயத்துக்குள்ளேயும் பாடம் மாறும். இயேசு கற்பித்த செபம் மத்தேயுவில் நீளமாகவும் லூக்காவில் சுருக்கமாகவும் இருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் பரமண்டல ஜெபத்தின் இறுதியில் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் இறைவனுக்கே என்ற பொருளில் ஒரு போற்றி சேர்த்துச் சொல்வார்கள். கத்தோலிக்கர் செபத்தோடு ஒட்டி அதைச் சொல்வதில்லை. எதைச் சரியென்று வைப்பது என்று தொகுப்பாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியைத் தனியே பிரித்து அச்சிட்டு, வாசிப்பவர் தம் திருச்சபை வழக்கப்படி முடிக்கலாம் என்று குறிப்பெழுதினால் போதும். 1995இல் வந்த ‘திருவிவிலியம்’ இரு தரப்பும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு என்பதால் பொதுப் பாடத்துக்குக் கைகொடுக்கும். அண்மைக்கால மொழிபெயர்ப்பு எதுவானாலும் அச்சிடுமுன் வெளியீட்டாளரின் இசைவு பெற வேண்டும்.

இஸ்லாமிய வேண்டுதலுக்கு எல்லோரும் முதலில் நினைப்பது அல்ஹம்து சூராதான். ஏழே வசனம். ஆனால் அது தொழுகையின் அங்கம். ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதப்படுவது. ஆகவே மேடையில் ஆர்மோனியத்தோடு அதைப் பாட வைப்பது முறையாகாது. அரபு ஒலிகள் பலவற்றைத் தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாது. எனவே ஓதத் தெரிந்த பிள்ளை அரபியில் ஓத, தொகுப்பில் தமிழ்ப் பொருள் மட்டும் இடம்பெறட்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூராவின் கடைசி வசனம், இறைவனின் கோபத்துக்கு ஆளானவர், வழி தவறியவர் என்று பொதுவாகவே பேசுகிறது. சில மொழிபெயர்ப்புகள் அங்கே அடைப்புக்குறி போட்டு வேறு சமயத்தாரின் பெயரைச் சேர்க்கின்றன. அது மூலத்தில் இல்லாதது, உரையாசிரியரின் விளக்கம். அச்சுக்குப் போகும் முன் இந்த அடைப்புக்குறி இருக்கிறதா என்று பார்க்காத தொகுப்பு, பள்ளி முற்றத்திலேயே ஒரு சண்டைக்கு வித்திடும்.

இப்படிப்பட்ட தொகுப்புக்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட முன்னோடி காந்தியின் ‘ஆசிரம பஜனாவளி’. பாடல்களைத் தொகுத்தவர் ஆசிரமத்தின் இசை ஆசிரியர் நாராயண் மோரேஷ்வர் கரே. ஆசிரம வழிபாட்டில் உபநிடத வரிகளோடு குர்ஆன் வசனமும், ஜப்பானிய பௌத்த மந்திரமும், பார்சி வேண்டுதலும் காலப்போக்கில் வந்து சேர்ந்தன. யாரும் பட்டியல் போட்டுச் சேர்க்கவில்லை. கூட வாழ்ந்த மனிதர் வழியாக ஒவ்வொன்றும் வந்தது. சேவாகிராமத்தில் தங்கியிருந்த ஜப்பானியத் துறவியைப் போலீசார் அழைத்துப்போன பிறகும் அவருடைய மந்திரம் அங்கே நிலைத்தது. 1947 ஏப்ரலில் தில்லியில் குர்ஆன் ஓதுவதைக் கூட்டத்தில் சிலர் எதிர்த்தபோது, அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மேலே போக காந்தி சம்மதிக்கவில்லை, வழிபாட்டையே நிறுத்தினார். பள்ளித் தொகுப்பாளருக்கும் இதே நெருக்கடி வரும். ‘அதை மட்டும் எடுத்துவிடுங்களேன்’ என்று யாராவது கேட்பார்கள். ஒன்றை எடுத்தால் மிஞ்சுவது பல்சமயத் தொகுப்பு அல்ல.

கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் முறை வர வேண்டும். குறளின் முதல் அதிகாரம் எல்லோருக்கும் பொது என்று பலர் அதைக் கொடுப்பார்கள். சைவரும் சமணரும் அதைத் தமதென்று வாதிட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் அதன் தலைப்பே கடவுள் வாழ்த்து. அந்தப் பிள்ளைகளுக்கு அறத்துப்பாலின் பிற்பகுதி அதிகாரங்களில் ஒன்றோ, அரை நிமிட மௌனமோ பொருத்தம்.

தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி எல்லாம் போக, வேண்டுதலுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80 சொல் போகும். ஆகவே ஒரு வேண்டுதல் 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வரிசையைத் தலைக்கணக்குப்படி வைத்தால் ஆண்டு முழுதும் ஒரு சமயமே ஒலிக்கும். அகர வரிசையிலோ, பண்டிகை நாட்களை ஒட்டியோ வைக்கலாம். பள்ளியில் ஒரே ஒரு சீக்கியப் பிள்ளை இருந்தால், அவனையே ஒவ்வொரு முறையும் மேடையேற்றுவது அவனைக் காட்சிப்பொருளாக்கும். அவன் விரும்பும் நாளில் அவன் வாசிக்கட்டும், மற்ற நாளில் ஆசிரியர் வாசிக்கட்டும். அச்சுப்படியை அந்தந்தச் சமயத்தவர் ஒருவரும், சமயத்துக்கு வெளியே உள்ள ஒருவரும் தனித்தனியே படித்துப் பார்க்க வேண்டும். முன்னவர் பிழையைக் காட்டுவார், பின்னவர் எந்த இடம் உறுத்துகிறது என்பதைக் காட்டுவார். கிழிந்த பக்கங்களைக் குப்பையில் போடாமல் அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லும் குறிப்பும் முதல் பக்கத்தில் வேண்டும். வேத வரிகள் அச்சான தாளைத் தரையில் போடுவது முஸ்லிம், சீக்கியக் குடும்பங்களை மட்டுமல்ல, பல இந்துக் குடும்பங்களையும் புண்படுத்தும்.