முகவரி தப்பிய காட்சிகள்

ஆறு வருடத்துக்கு முன் நான் எடிட் செய்த கல்யாண வீடியோவைத் தேடி அந்த வீட்டார் வந்தார்கள். தாத்தா தவறிவிட்டார். அவர் மணமக்களை வாழ்த்திப் பேசியதை வெட்டாமல் முழுதாகக் கேட்டார்கள். பிரீமியரில் ப்ராஜெக்ட்டைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு: Media Offline.

காட்சிகள் அழிந்துபோகவில்லை. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோவே கிடையாது. எந்தக் காட்சி எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியும், அதை எங்கே வெட்டினோம் என்ற குறிப்பும்தான் இருக்கும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே முகவரி தப்பிவிடும். Link Media பெட்டியில் ஒரு ஃபைலைத் தேடிக் காட்டிவிட்டால், பக்கத்தில் இருப்பவற்றை மென்பொருள் தானே இணைத்துக்கொள்ளும்.

நானும் அப்படித்தான் செய்தேன். சிவப்பு மறைந்தது. ஓட்டிப் பார்த்தால் தாலி கட்டும் இடத்தில் பந்தி நடக்கிறது! நாதஸ்வரம் மட்டும் சரியாக ஒலிக்கிறது. அது தனி ரெக்கார்டரில் பதிந்தது. கார்டு மாற்றும்போதெல்லாம் எங்கள் கேமரா C0001.MP4 என்று மறுபடி எண்ணத் தொடங்கும். மூன்று கார்டிலும் C0004.MP4 உண்டு. பெயரை மட்டும் பார்த்து மென்பொருள் தவறானதைப் பிடித்துக்கொண்டது.

சேமிக்காமல் மூடினேன். அடுத்த முறை Media Start என்ற கட்டத்தையும் டிக் செய்து, ஒவ்வொரு கார்டாக இணைத்தேன். கிளிப் தொடங்கும் டைம்கோடையும் ஒப்பிடச் சொல்வது அது. எங்கள் கேமராவில் டைம்கோடு கடிகார நேரத்தில் ஓடியதால் பிழைத்தேன். ஒவ்வொரு கிளிப்பும் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் இந்த வழி உதவாது. பிறகு, அன்று கொடுத்த முழு வீடியோவை டைம்லைனின் மேல் அடுக்கில் வைத்து Blend Mode-ஐ Difference ஆக்கினேன். இரண்டும் பொருந்தும் இடம் கறுப்பாகத் தெரியும். பொருந்தாத ஷாட் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும்.

அன்று முதல் வேலை முடிந்ததும் Project Manager மூலம் எல்லாக் காட்சிகளையும் ஒரே ஃபோல்டரில் திரட்டுகிறேன். அங்கே Collect Files என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். Consolidate என்பது டைம்லைனில் பயன்பட்ட துண்டுகளை மட்டும் வெட்டி வைக்கும். அதைச் செய்திருந்தால் தாத்தாவின் முழுப் பேச்சு கிடைத்திருக்காது.

எழுத்துரு இந்தத் திரட்டலில் வராது. பாமினியில் அடித்த டைட்டிலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘அன்புடன்’ இருந்த இடத்தில் md;Gld; நிற்கும். அதனால் எழுத்துருவையும் ஃபோல்டரில் போடுகிறேன். கூடவே ஒரு XML பிரதியும். 2011-இல் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ், முந்தைய ஃபைனல் கட் 7 ப்ராஜெக்ட்டுகளைத் திறக்கவில்லை. XML எடுத்து வைத்திருந்தவர்கள் அதைப் பிரீமியருக்குக் கொண்டுபோக முடிந்தது.

கடைசியாக மூல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, வேறொரு கணினியில் அந்த ஃபோல்டரை மட்டும் வைத்துத் திறந்து பார்ப்பேன். ஒரு சிவப்புத் திரைகூட வரவில்லையென்றால்தான் இரண்டாவது டிஸ்க்கில் பிரதி எடுப்பேன்.