நாய்க்குட்டிக்கு ஒரு ஊசி ஏன் போதாது?

புதிதாக நாய் வளர்ப்போருக்கான காணொளிக்குப் பிரதி எழுதியபோது, ‘ஊசி போட்டாச்சுதானே?’ என்ற கேள்வியையே முதலில் வைத்தேன். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அது குறையும் காலம் குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பார்வோ நோய்க்கான ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடுகிறார்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி வேறு.

அதுவரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் கண்டால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

முள் நீக்கிய மீனைச் சிறிது சிறிதாகக் கொடுத்தபடி காது, வாய், பாதங்களைத் தொட்டுப் பழக்குங்கள். பிறகு வைத்தியர் தொட்டாலும் குட்டி பதறாது. ஊசியைக் கண்டு கண்ணை மூடப்போவது நீங்கள்தான்.